ஊழியரின் மேற்படிப்புக்கு மேலாளர் எழுதும் பரிந்துரை

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிப்பவரிடம் 2 அல்லது 3 பரிந்துரைக் கடிதங்கள் கேட்கின்றன. கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகள் வேலை பார்த்தவருக்கு அவற்றில் ஒன்றையாவது அலுவலக மேலாளர் எழுத நேரிடும். எம்.பி.ஏ. போன்ற நிர்வாகப் படிப்புகளுக்கு நேரடி மேலதிகாரியின் பரிந்துரையே முதன்மையானது. ஆராய்ச்சியை மையமாகக் கொண்ட படிப்புகளில் பேராசிரியர்களின் கடிதத்துக்கு எடை அதிகம். மேலாளரின் கடிதம் அதற்குத் துணையாக நிற்கும். எந்தப் படிப்பானாலும் மதிப்பெண்ணும் தேர்வு முடிவும் விண்ணப்பதாரர் தானே எழுதிய நோக்க அறிக்கையும் சேர்க்கைக் குழுவின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. வினாத்தாளே இல்லாத ஒரு சிக்கல் எதிரில் வந்து நின்றபோது அவர் என்ன செய்தார் என்பது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியாது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மேலாளர்.

நம் ஊர் அலுவலகங்களில் பலருக்குப் பழக்கமானவை நன்னடத்தைச் சான்றிதழும் அனுபவச் சான்றிதழும்தான். ‘ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் முடிப்பவர், அவர் எல்லா நலமும் பெற வாழ்த்துகிறோம்’ என்ற நான்கு வரிகள் அந்தச் சான்றிதழ்களுக்குப் போதும். அதே வரிகளைப் பரிந்துரைக் கடிதத்தில் எழுதி அனுப்பினால் அது விண்ணப்பதாரருக்குத் தீங்காகவே முடியும். மூன்று ஆண்டு கூட வேலை பார்த்தவரைப் பற்றி மேலாளருக்குச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது என்று படிப்பவர் எண்ணிக்கொள்வார். கடிதம் எழுதுபவருக்கு அவர் மேல் எவ்வளவு மதிப்பு இருந்தாலும் தாளில் அது தெரியாது.

பரிந்துரை போய்ச் சேரும் வழி இரண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் விண்ணப்பதாரர் தன் விண்ணப்பத்தில் மேலாளரின் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் பதிவு செய்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து மேலாளருக்குத் தானியங்கி மின்னஞ்சல் ஒன்று வருகிறது. அதிலுள்ள இணைப்பைத் திறந்து படிவத்தை நிரப்பிக் கடிதத்தைப் பதிவேற்ற வேண்டும். வேறு சில இடங்களில் மேலாளர் சேர்க்கை அலுவலகத்துக்கு நேராக மின்னஞ்சல் அனுப்பலாம். இரண்டிலும் அலுவலக முகவரியே வேண்டும். நிறுவனத்தின் பெயர் இல்லாத இலவச முகவரியிலிருந்து வரும் பரிந்துரையை, அனுப்பியவர் யார் என்று உறுதி செய்ய முடியாது என்பதால், பல பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. ஏற்றாலும் ஐயத்தோடு பார்க்கும். தானியங்கி மின்னஞ்சல் குப்பை அஞ்சல் பெட்டிக்குள் விழுந்து, யாரும் கவனிக்காமல் கெடு தேதி கடந்து போவதும் அடிக்கடி நடக்கிறது. விண்ணப்பதாரர் பதிவு செய்த அன்றே ‘வந்ததா?’ என்று மேலாளரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

படிவத்தில் என்ன கேட்பார்கள் என்பதற்கு வணிகப் பள்ளிகள் பல பொதுவாகப் பயன்படுத்தும் பரிந்துரைப் படிவம் நல்ல சான்று. ஜிமேட் தேர்வை நடத்தும் அமைப்பு அதை உருவாக்கியது. அதன் மையமான கேள்விகள் இரண்டு. இதே போன்ற பொறுப்பில் இருக்கும் மற்ற திறமைசாலிகளோடு ஒப்பிட்டால் இவருடைய செயல்பாடு எப்படி என்பது ஒன்று. இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, எந்தச் சூழலில் சொன்னீர்கள், அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் நிகழ்ச்சிகளைச் சொல்லி விளக்குமாறு படிவம் கேட்கிறது. பொறியியல், அறிவியல் துறைகளின் படிவங்களில் கேள்விகள் இவ்வளவு விரிவாக இருக்காது; ஆனால் அந்தக் கடிதங்களைப் படிப்பவர்கள் தேடுவதும் இவற்றுக்கான விடைகளைத்தான்.

ஊழியர் கேட்டவுடன் மேலாளர் அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியவை சில உண்டு: எந்தப் படிப்பு, எந்தெந்தப் பல்கலைக்கழகம், கெடு தேதிகள், நோக்க அறிக்கையின் வரைவு, அவர் முக்கியமாகக் கருதும் இரண்டு மூன்று வேலைகளின் நினைவுக்குறிப்பு. அமெரிக்காவில் இலையுதிர்காலப் பருவத்துக்கான கெடு தேதிகள் பல டிசம்பரில் விழுவதால், அக்டோபர் இறுதியிலாவது கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. வாங்கக் கூடாத ஒன்றும் உண்டு. அது கடிதத்தின் வரைவு. ‘நீயே எழுதிக்கொண்டு வா, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்’ என்பது நம்மிடையே வெகு சாதாரணம், நல்லெண்ணத்தோடுதான் சொல்லப்படுகிறது. ஆனால் விண்ணப்பதாரரே தன் பரிந்துரையை எழுதுவதைப் பல கல்வி நிறுவனங்கள் நேர்மைக் குறைவாகவே கருதுகின்றன. அது வெளியே தெரிந்துவிடும் வாய்ப்பும் அதிகம். நோக்க அறிக்கையிலும் கடிதத்திலும் ஒரே சொற்றொடர்கள் வரும். இரண்டு மேலாளர்களின் கடிதங்கள் ஒரே கை எழுதியதைப் போலிருக்கும். கோப்பின் விவரப் பகுதியில் ஆசிரியர் பெயராக விண்ணப்பதாரரின் பெயரே நிற்கும். இதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. தன்னைப் பற்றித் தானே எழுதுகிறவர் கூச்சத்தாலோ அச்சத்தாலோ பொதுவான புகழுரைகளைத்தான் எழுதுவார். மேலாளர் மட்டும் கவனித்த சிறு நிகழ்ச்சி அதில் இடம்பெறாது.

அப்படிப்பட்ட நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்பதைக் காட்ட, எடுத்துக்காட்டாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். கோவையில் மோட்டார் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம். சொந்த பவுண்டரியும் உண்டு. அங்கே தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மூன்று ஆண்டு வேலை பார்த்த பெண் பொறியாளர் ஒருவர், அமெரிக்காவில் தொழிலகப் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய மேலாளர் முதலில் எழுதிய வரைவு இப்படி இருந்தது என்று கொள்ளலாம்: ‘இவர் மிகுந்த பகுப்பாய்வுத் திறன் கொண்டவர். குழுவோடு இணைந்து பணியாற்றுவதில் சிறந்தவர். எங்கள் நிறுவனத்தின் தரத்தை உயர்த்துவதில் முக்கியப் பங்கு வகித்தார்.’ இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் பெயரை மாற்றிவிட்டால் எந்த ஊழியருக்கும் இது பொருந்தும். பகுப்பாய்வுத் திறன் என்று மேலாளர் எதைப் பார்த்துச் சொன்னார் என்பது படிப்பவருக்கு விளங்காது.

அவர் பார்த்தது இதுதான். பம்பின் இரும்பு உறைகளை வார்த்து, பின் கடைசல் எந்திரத்தில் ஏற்றிச் சீவும்போது, சிலவற்றின் உள்ளே சிறு ஓட்டைகள் வெளிப்பட்டுக்கொண்டிருந்தன. பவுண்டரியில் இதை ‘ப்ளோ ஹோல்’ என்பார்கள். வார்ப்பு அச்சுக்கான மணலில் ஈரம் கூடிப்போனால், உருக்கிய இரும்பு உள்ளே பாயும்போது அந்த நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் உலோகத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்வது இதற்கு ஒரு காரணம். ஓட்டை சீவிய பிறகுதான் தெரியும் என்பதால் வார்ப்பும் வீண், எந்திரத்தின் நேரமும் வீண். நூறு உறைகளில் ஒன்பது வரை கழிவாகிக்கொண்டிருந்தன. உருக்கும் உலையில்தான் கோளாறு என்று எல்லாரும் நம்பினார்கள்.

அந்தப் பொறியாளரிடம் யாரும் இதைக் கேட்கவில்லை. கழிவுப் பதிவேட்டையும் மணல் ஆய்வகத்தின் குறிப்பேட்டையும் எடுத்து, நான்கு மாதக் கணக்கைத் தேதி வாரியாகவும் மணி வாரியாகவும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்தார். ஓட்டை விழுந்த உறைகளில் பெரும்பகுதி ஷிப்ட் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில் செய்த அச்சுகளில் வார்த்தவை. மணலின் ஈரத்தைச் சோதிப்பதோ ஒரு ஷிப்டுக்கு ஒரே முறை, அதுவும் நடுப்பகுதியில். தொடக்கத்தில் மணல் கலவை எந்திரத்தை இயக்குபவர் கையால் பிடித்துப் பார்த்து, அனுபவத்தைக் கொண்டு தண்ணீர் சேர்த்துவந்தார். முதல் இரண்டு மணி நேரத்தில் மூன்று முறை சோதித்துப் பார்க்கலாம் என்று பொறியாளர் சொன்னபோது, இருபது ஆண்டு அனுபவமுள்ள மோல்டிங் மேற்பார்வையாளர் ஒத்துக்கொள்ளவில்லை. பொறியாளர் புகார் எழுதவில்லை. ஒரு வாரம் காலை ஷிப்டில் அவரோடு நின்று, அவர் கையால் பார்த்துச் சொல்லும் மதிப்பையும் கருவி காட்டும் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவந்தார். பெரும்பாலான நேரம் இரண்டும் ஒத்திருந்தன. மழை பெய்த நாட்களில் மட்டும் விலகின. அதைப் பார்த்ததும் மேற்பார்வையாளரே சோதனை முறையை மாற்றினார். ஆறு மாதத்தில் கழிவு நூற்றுக்கு நான்காகக் குறைந்தது.

மேலாளருக்கு இன்னொன்றும் நினைவிருக்கிறது. கழிவு குறைந்ததை மாதாந்திரக் கூட்டத்தில் எல்லாரும் பாராட்டியபோது, அதே காலத்தில் மணலில் கலக்கும் களிமண் வாங்கும் இடமும் மாறியிருக்கிறது, ஆகவே முழுக் குறைவையும் ஈரச் சோதனையின் கணக்கில் எழுதக் கூடாது என்று அந்தப் பொறியாளரே எழுந்து சொன்னார். பிறகு களிமண் மாறுவதற்கு முன்பிருந்த ஆறு வாரக் கணக்கைத் தனியே பிரித்துக் காட்டினார். பேராசிரியர் ஒருவர் தன் மாணவரிடம் தேடும் குணம் இதற்குள் முழுமையாக இருக்கிறது. முதல் வரைவில் மேலாளர் விட்டுவிட்டதும் இதைத்தான்.

திருத்திய கடிதம் ஆங்கிலத்தில் போகும். தமிழில் அதன் மையப் பகுதி இவ்வாறு அமையும்:

‘கோவையில் பம்ப் தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் மேலாளராக, கடந்த மூன்று ஆண்டுகளாக இவருடைய வேலையை நேரடியாக மேற்பார்வையிட்டு வருகிறேன். எங்கள் வார்ப்பாலையில் நெடுநாளாக இருந்த ஒரு குறைபாட்டுக்குக் காரணம் உலையில்லை, ஷிப்டின் தொடக்கத்தில் மணலில் சேரும் ஈரம் என்பதை, நான்கு மாதப் பதிவேடுகளை ஒப்பிட்டு இவர் கண்டறிந்தார். இந்த ஆய்வை யாரும் இவரிடம் ஒப்படைக்கவில்லை. சோதனை முறை மாறிய ஆறு மாதத்தில் கழிவு பாதிக்கும் கீழே இறங்கியது. அதே சமயத்தில் மூலப்பொருள் ஒன்றும் மாறியிருந்ததால் முழுப் பலனையும் தன் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று இவரே கூட்டத்தில் சுட்டிக்காட்டி, இரண்டின் விளைவையும் பிரித்துக் காட்டினார். எனக்குக் கீழ் பணியாற்றிய பன்னிரண்டு பொறியாளர்களில், தனக்குச் சாதகமான முடிவையே இப்படிக் கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான்.

முதலாண்டில் இவருடைய அறிக்கைகள் மிக நீளமாக இருந்தன. முடிவு கடைசிப் பக்கத்தில் இருக்கும். உற்பத்திப் பிரிவினர் அதுவரை படிப்பதில்லை என்று இவரிடம் சொன்னேன். அடுத்த அறிக்கையிலிருந்து முதல் பத்தியிலேயே முடிவை எழுதத் தொடங்கினார். பெரிய கூட்டங்களில் பேசுவதற்கு இன்னும் சற்றுத் தயங்குகிறார். ஆனால் கணக்குத் தவறாகப் போகிறது என்று தெரிந்தால் அந்தத் தயக்கம் இவரைத் தடுத்ததில்லை.’

இந்தக் கடிதத்தில் ‘பகுப்பாய்வுத் திறன்’ என்ற சொல்லே இல்லை. ஒரே நிகழ்ச்சி மூன்று வலிமைகளைக் காட்டிவிடுகிறது: ஒப்படைக்கப்படாத சிக்கலைத் தானே கையிலெடுப்பது, பதிவேட்டிலிருந்து காரணத்தைத் தேடிப் பிடிப்பது, தன் முடிவைத் தானே சோதிப்பது. விண்ணப்பம் தொழிலகப் பொறியியலுக்கு என்பதால் இவை தேர்ந்தெடுக்கப்பட்டன. இதே பொறியாளர் எம்.பி.ஏ. படிப்புக்கு விண்ணப்பித்தால், கடிதத்தின் நடுவே வர வேண்டியது மோல்டிங் மேற்பார்வையாளரோடு அவர் ஒரு வாரம் நின்ற கதை. தன்னைவிட அனுபவத்தில் மூத்த ஒருவரை, அவருடைய மதிப்பு குறையாமல் மனம் மாறவைத்தது வணிகப் பள்ளிக்குச் சொல்லும் செய்தி வேறு. இரண்டு மூன்று வலிமைகளுக்கு மேல் ஒரு கடிதம் தாங்காது. ஏழெட்டை அடுக்கினால் ஒன்றும் மனதில் நிற்பதில்லை.

ஒப்பீடு சொல்லும்போது எத்தனை பேரோடு ஒப்பிடுகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘மிகச் சிறந்தவர்களில் ஒருவர்’ என்பதற்குப் பொருள் கிடையாது. ‘பன்னிரண்டு பேரில் இவர் ஒருவர்’ என்பதற்கு உண்டு. படிவத்தோடு பெரும்பாலும் ஒரு மதிப்பீட்டுக் கட்டமும் வரும். அறிவுத்திறன், எழுத்தாற்றல், தலைமைப் பண்பு என ஒவ்வொன்றிலும் இவர் முதல் 5 சதவீதத்தில் வருவாரா, 10 சதவீதத்திலா, 25 சதவீதத்திலா என்று குறிக்கச் சொல்வார்கள். பாசத்தில் எல்லாவற்றுக்கும் உச்ச மதிப்பே குறிப்பது பலருடைய வழக்கம். கடிதத்தில் கூட்டங்களில் பேசத் தயங்குகிறார் என்று எழுதிவிட்டு, கட்டத்தில் பேச்சாற்றலுக்கு உச்ச மதிப்பு குறித்தால், படிப்பவர் இரண்டையும் நம்ப மாட்டார். எழுத்துக்கும் பேச்சுக்கும் ஒரு படி இறக்கிக் குறிக்கும்போதுதான் மற்றவற்றின் உயர்ந்த மதிப்புக்கு நம்பகம் வருகிறது.

குறை சொல்வதில் நம்மவர்களுக்கு இரண்டு விதத் தடுமாற்றம் உண்டு. ஒன்று, குறையே இல்லை என்று எழுதுவது. மற்றொன்று, ‘அளவுக்கு மீறி உழைக்கிறார்’ என்று புகழையே குறையாக மாற்றி எழுதுவது. இரண்டையும் சேர்க்கைக் குழுவினர் நிறையப் பார்த்திருக்கிறார்கள். உண்மையான ஒரு குறை, அதைச் சுட்டிக்காட்டிய சூழல், அதன்பின் தெரிந்த மாற்றம் ஆகிய மூன்றும் இருந்தால் அது குற்றச்சாட்டு ஆகாது. சொன்னதைக் கேட்டு மாறக்கூடியவர் என்பதற்குச் சான்றாகும். நேர்மையில் ஐயம், அடிக்கடி வேலைக்கு வராமை போன்றவை இந்த வகையில் சேராது. அவை இருந்தால் மேலாளர் கடிதம் எழுத ஒப்புக்கொள்ளாமல் இருப்பதே சரி. தொடக்கத்திலேயே ‘வலுவான பரிந்துரையை என்னால் தர முடியாது, வேறொருவரைக் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டால், ஊழியருக்கு மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் கிடைக்கும்.

சொற்களைத் தேர்வதில் கவனிக்க வேண்டிய ஒன்றை ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவில் மருத்துவப் பேராசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து, ஃபிரான்சிஸ் டிரிக்ஸ், கேரலின் சென்கா இருவரும் 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். பெண்களுக்கு எழுதிய கடிதங்கள் சராசரியாகச் சிறியவை. உழைப்பைக் குறிக்கும் சொற்களும் ஐயத்தைக் கிளப்பும் தொடர்களும் அவற்றில் கூடுதலாக இருந்தன. எழுதியவர்கள் யாரும் கெடுக்க நினைத்து எழுதியவர்கள் அல்லர். ‘கடுமையாக உழைப்பவர், பொறுமைசாலி, எல்லாரிடமும் இனிமையாகப் பழகுவார்’ என்று ஒரு பெண் பொறியாளரைப் பற்றி எழுதும் மேலாளர், அவர் கண்டுபிடித்ததை எழுதினோமா என்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பது அவசியம். மணலின் ஈரத்தைக் கண்டுபிடித்தவரை இனிமையானவர் என்று மட்டும் அறிமுகப்படுத்துவது அநீதி.

நிறுவனத்தின் தரப்பில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். மேற்பார்வை அலுவலர்கள் நிறுவனத்தின் பெயரில் பரிந்துரை தரக் கூடாது என்ற விதி சில நிறுவனங்களில் உண்டு. பணியில் சேர்ந்த தேதியையும் பதவியையும் மட்டும் மனிதவளப் பிரிவு உறுதி செய்யும். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில் எழுதுவதற்கு முன் மனிதவளப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. அடுத்தது ரகசியம். கழிவு வீதம், வாடிக்கையாளர் பெயர், உற்பத்தி எண்ணிக்கை ஆகியவை வெளியே போகக் கூடாதவையாக இருக்கலாம். அதனால்தான் மேலே உள்ள கடிதம் ஒன்பது, நான்கு என்று எண்களைச் சொல்லாமல் ‘பாதிக்கும் கீழே’ என்கிறது. வலிமையைக் காட்ட அந்த விகிதமே போதும்.

கடிதத்தை ஊழியரிடம் காட்டலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. அமெரிக்காவில் 1974-இல் வந்த சட்டம் ஒன்று, பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்ட மாணவருக்குத் தன் கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. விண்ணப்பிக்கும்போதே பரிந்துரைகளைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்க விருப்பமா என்று படிவம் கேட்கும்; பெரும்பாலானவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். விண்ணப்பதாரர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்தையே குழுவினர் கூடுதலாக நம்புவார்கள். ஆகவே கடிதத்தைக் காட்டாமல், எந்த நிகழ்ச்சியைப் பற்றி எழுதுகிறோம் என்பதை மட்டும் ஊழியரிடம் சொல்லி, தேதிகளையும் விவரங்களையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நேரடியாக மின்னஞ்சலில் அனுப்பும்போது பொருள் வரியில் விண்ணப்பதாரரின் பெயர், விண்ணப்ப எண், படிப்பின் பெயர், சேரும் பருவம் நான்கும் இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களுக்கு நடுவே கடிதம் சரியான கோப்பில் போய்ச் சேர்வது அந்த வரியால்தான். மின்னஞ்சலின் உடலில் மூன்று நான்கு வரிகள் போதும்: எழுதுபவர் யார், ஊழியரை எந்த முறையில் எவ்வளவு காலம் தெரியும், கடிதம் இணைக்கப்பட்டிருக்கிறது, ஐயம் இருந்தால் இந்தத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். கடிதம் ஒன்று அல்லது ஒன்றரைப் பக்கத்தில், தேதியும் கையெழுத்தும் பதவியும் கொண்ட பி.டி.எஃப். கோப்பாக இருக்கட்டும். மேலாளரின் முகவரியிலிருந்தே அது போக வேண்டும். ஊழியர் வாங்கித் தன் முகவரியிலிருந்து அனுப்பினால் கடிதத்தின் மதிப்பே போய்விடும்.

ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பவருக்கு ஐந்து புதுக் கடிதங்கள் எழுதத் தேவையில்லை. நிகழ்ச்சி ஒன்றேதான், படிப்பின் பெயரும், அந்தப் படிப்புக்கு இவர் ஏன் பொருந்துவார் என்ற கடைசிப் பத்தியும் மட்டும் மாறும். ஒரு பல்கலைக்கழகத்துக்கு எழுதியதில் இன்னொன்றின் பெயர் தங்கிவிடுவது இதில் நேரும் பெரிய விபத்து. கோப்பின் பெயரிலேயே பல்கலைக்கழகத்தின் பெயரைச் சேர்த்துவிட்டு, அனுப்பும் முன் கடிதத்தை ஒரு முறை திறந்து படித்தால் அது தவிர்க்கப்படும். அனுப்பிய கடிதங்களின் நகல்களை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். சில வணிகப் பள்ளிகள் சேர்க்கை உறுதியான பிறகும் பரிந்துரையாளரைத் தொடர்புகொண்டு, கடிதத்தை எழுதியவர் அவர்தானா என்று கேட்டுச் சரிபார்க்கின்றன.